“முதலில் ஆளைச் சமாதானப்படுத்து” என்பது பொய்

கோல் சென்டர் பயிற்சி அறைகளில் முதல் நாளே சொல்லித் தரும் வசனம் ஒன்று இருக்கிறது. “முதலில் வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்து, பிறகு வேலையைப் பார்.” செமஸ்டர் விடுமுறைகளில் எங்களில் நாலைந்து பேர் ஹெட்செட் மாட்டியிருக்கிறோம். கலைப்பீடத்துப் பிள்ளைகள் தமிழ் வடிவாகக் கதைப்பினம் என்று நம்பித்தான் எங்களை எடுத்தார்கள். ஃபைபர் இன்டர்நெட் வேலை செய்யாதவர்கள் எடுக்கும் கோல்கள் எங்களுக்கு வந்தன. அந்த வசனத்தை நாங்களும் நம்பினோம். இப்போது நம்பவில்லை.

கோபத்தோடு எடுத்தவரைத் தணிப்பதும், டிக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு படியையும் முடிப்பதும் இரண்டு வேலைகள் அல்ல என்பதே எங்கள் வாதம். இரண்டாகப் பிரித்தவுடன் இரண்டுமே கெட்டுப்போகின்றன. வெறும் தத்துவமாகச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஒரே ஆள் மூன்று நாளில் எடுத்த மூன்று கோல்களைச் சொல்கிறோம். மூன்றையும் எடுத்தது எங்களில் மூன்று பேர்.

எடுத்தவர் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சின்னக் கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா. போட்டோக் கொப்பி, டைப்பிங், ஒன்லைன் விண்ணப்பம். அது பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பம் போடும் காலம். அதற்கு நாங்களும் இப்படியான கடைகளில் வரிசையில் நின்றவர்கள்தான். வெள்ளிக்கிழமை முடிவுத் திகதி. கடையில் நெட் இல்லை. போன் டேட்டாவில் ஒன்றிரண்டு விண்ணப்பங்களைப் போட்டிருக்கிறார், டேட்டா முடிந்துவிட்டது. பிள்ளைகளின் அடையாள அட்டைக் கொப்பிகள் மேசையில் குவிந்து கிடக்கின்றன.

முதல் கோல், திங்கட்கிழமை. எங்களில் ஒருவன் எடுத்தான். அந்த அக்கா கத்தவில்லை, குரல் உடைந்துபோய்க் கதைத்தார். எங்கள் ஆளுக்கு மனம் தாங்கவில்லை. “கவலைப்படாதீங்கோ அக்கா, நான் அவசரம் எண்டு போட்டுவிடுறன்” என்றான். பெட்டியில் எந்த லைட் எரிகிறது என்று கேட்கவில்லை. இவ்வளவு அழுகிற ஆளிடம் லைட்டைப் பற்றிக் கேட்பது மனிதத்தன்மை இல்லை என்று நினைத்தான். பிழை வகைக்கு, பட்டியலில் முதலாவதாக இருந்த `Slow Speed` என்பதை அழுத்தினான். தொடர்பு எண்ணையும் கேட்கவில்லை, கணக்கில் ஏற்கெனவே ஒரு எண் இருந்தது. நாலு நிமிசத்தில் கோல் முடிந்தது. அந்த அக்கா நன்றி சொல்லி வைத்தார். தர மதிப்பீட்டில் அவனுக்கு நல்ல புள்ளி.

அந்த டிக்கெட்டுக்குப் பிறகு என்ன நடந்தது? வேகம் குறைவு என்று பதிந்த முறைப்பாடு வெளியே போகும் தொழில்நுட்பவியலாளரிடம் போகாது. அலுவலகத்தில் இருந்தபடியே இணைப்பைச் சரிபார்க்கும் குழுவிடம் போகும். அவர்கள் பார்த்தபோது பெட்டி தொடர்பிலேயே இல்லை. அதற்கு மின்சாரம் இல்லையா, வயர் அறுந்ததா என்று அவர்களால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, ஆளிடம் கேட்க வேண்டியிருந்தது. கணக்கில் இருந்த எண்ணுக்கு அடித்தார்கள். அது அக்காவின் தம்பியின் பழைய எண். இணைப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் கனடா போய்விட்டார். எங்கள் ஊர்களில் பாதி வீட்டுக் கணக்குகள் இப்படித்தானே. இரண்டு தரம் அடித்துவிட்டு `Customer not reachable` என்று எழுதி டிக்கெட்டை மூடினார்கள். மூடியாயிற்று என்ற எஸ்எம்எஸ்ஸும் அதே செத்த எண்ணுக்குப் போனது.

ஆக, அந்த நல்ல மனம் கேட்காமல் விட்ட இரண்டு கேள்விகள் கடைக்கு ஒரு நாளைத் தின்றன. லைட்டைப் பற்றிய கேள்வி என்னத்துக்கு என்று பயிற்சியில் எங்களுக்கு ஒருவரும் விளக்கவில்லை. ஆனால் அது இலகுவானது. சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியில் `PON`, `LOS` என்று இரண்டு சின்ன லைட்டுகள் இருக்கும். `PON` பச்சையாக அசையாமல் எரிந்தால் வெளியிலிருந்து ஒளி ஒழுங்காக வருகிறது. அப்படியென்றால் பிழை பெரும்பாலும் கணக்கிலோ, அமைப்பிலோ, வீட்டு வைஃபையிலோதான், இருந்த இடத்திலிருந்தே திருத்தப் பார்க்கலாம். `LOS` சிவப்பாக மினுங்கினால் ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை. வயர் அறுந்திருக்கும், மடிந்திருக்கும், அல்லது செருகி கழன்றிருக்கும். செருகி கழன்றதை வீட்டிலேயே திரும்பச் செருகலாம். மற்றதுக்கு ஏணியோடு ஒரு ஆள் வந்தே ஆக வேண்டும். டிக்கெட் எந்தக் கைக்குப் போக வேண்டும் என்பதை அந்த ஒரு கேள்விதான் தீர்மானிக்கிறது.

இரண்டாம் கோல், செவ்வாய்க்கிழமை. எடுத்தவன் எங்களிலேயே ஒழுங்கானவன், ஸ்க்ரிப்ட்டை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்பவன். “ஏற்பட்ட சிரமத்துக்கு மனம் வருந்துகிறோம் மேடம். இணைப்பு இலக்கத்தைச் சொல்லுங்கள் மேடம். கணக்கு உரிமையாளரின் பெயரைச் சொல்லுங்கள் மேடம். ரவுட்டரை நிறுத்தி முப்பது செக்கனில் திரும்பப் போடுங்கள் மேடம்.” அந்த அக்கா கடையில் ஏற்கெனவே ஐந்தாறு தரம் நிறுத்திப் போட்டுவிட்டார். “உங்களுக்கு வேற கதையே தெரியாதா?” என்று கேட்டார். இவன் மறுபடியும், “சிரமத்துக்கு மனம் வருந்துகிறோம் மேடம், ரவுட்டரை நிறுத்தி…” என்றான். அவர் வைத்துவிட்டார். டிக்கெட் பாதியில் நின்றது. வாடிக்கையாளர் துண்டித்தார் என்று எழுதினால் யாருக்கும் போகாது. ஐந்து நிமிசம், பலன் பூச்சியம்.

இவன் ஒரு படியையும் தவறவிடவில்லை, ஆனால் ஒரு படியும் முடியவில்லை. ஏனென்றால் இந்தப் படிகளில் பாதியை முடிக்க வேண்டிய கை வாடிக்கையாளருடையது. லைட்டைப் பார்ப்பது அவர், பெட்டியை நிறுத்துவது அவர், வயரைப் பின்தொடர்ந்து வாசல்வரை போய்ப் பார்ப்பதும் அவர். ஏன் என்று சொல்லாமல் ஒருவரை வேலை வாங்கினால் அவர் எப்படிச் செய்வார்?

மூன்றாம் கோல், புதன்கிழமை காலை. எங்களில் ஒருத்தி எடுத்தாள்.

“இஞ்ச பாரும் பிள்ளை, இது மூண்டாம் தரம். நீரும் அதை நிப்பாட்டிப் போடுங்கோ எண்டு சொன்னா நான் இப்பவே வைக்கிறன்.”

“இப்ப அதைச் சொல்லேல்ல அக்கா. என்ன நடந்தது எண்டு முதலில் இருந்து சொல்லுங்கோ. நான் எழுதிக்கொண்டே கேக்கிறன்.”

கவனியுங்கள், அவள் “சொல்லவே மாட்டன்” என்று சொல்லவில்லை. ரீஸ்டார்ட் கட்டாயப் படி, பிறகு அதைக் கேட்கத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரத்து நிம்மதிக்காகக் கொடுக்கும் பொய் வாக்கு ஐந்தாவது நிமிசத்தில் திரும்பி வந்து அடிக்கும்.

அந்த அக்கா ஒன்றரை நிமிசம் பேசினார். இவள் குறுக்கே போகவில்லை. கேட்டதை நேராக டிக்கெட்டின் குறிப்புப் பகுதியில் தட்டினாள். பிறகு எழுதியதையே திருப்பிச் சொன்னாள்.

“சரி அக்கா. திங்கக்கிழமை காலமையில இருந்து நெட் துண்டா இல்லை. கடையில பிள்ளையளிண்ட விண்ணப்பம் நிக்குது, வெள்ளி கடைசி நாள். ரெண்டு தரம் எடுத்திட்டியள், ஒருத்தரும் வரேல்ல. நான் எழுதினதில பிழை இருக்கா?”

“வெள்ளி சரி. ஆனா நெட் போனது திங்கள் இல்லை. ஞாயிறு ராத்திரி காத்தடிச்சது, அதோட போயிருக்க வேணும். நான் திங்கள்தான் கடையைத் திறந்து கண்டனான்.”

எங்கள் முழு வாதமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அக்காவின் குரல் இங்கேதான் மாறியது என்று அவள் பிறகு எங்களுக்குச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டதால் மாறவில்லை. தான் சொன்னது எங்கேயோ எழுதப்படுகிறது, அதில் பிழை இருந்தால் தான் திருத்தலாம் என்று அவருக்குத் தெரிந்ததால் மாறியது. இவ்வளவு நேரமும் சண்டை பிடித்த ஆள் இப்போது அறிக்கையைச் சேர்ந்து எழுதுகிறார். திருத்தியதும் சும்மா ஒரு திருத்தம் அல்ல. “பிழை தொடங்கிய நேரம்” என்பது டிக்கெட்டில் ஒரு கட்டாயப் பகுதி. முதல் இரண்டு டிக்கெட்டிலும் அங்கே திங்கள் என்றே இருந்தது. காற்றைப் பற்றிய அந்த ஒரு சொல்தான் எங்கே தேட வேண்டும் என்று சொன்னது.

“இன்னும் ஐஞ்சு கேள்வி இருக்கு அக்கா. ஏன் கேக்கிறன் எண்டும் சொல்லுறன். முடிய உங்களுக்கு ஒரு இலக்கம் தருவன்.”

எண்ணிக்கையைச் சொன்னது முக்கியம். எங்கே முடியும் என்று தெரியாத கேள்விகள்தான் ஆளைக் கொதிக்க வைக்கின்றன. முதலில் லைட். `LOS` சிவப்பாக மினுங்கியது. “அப்ப உங்கட பெட்டியில பிழை இருக்கிற மாதிரித் தெரியேல்ல அக்கா, வெளியில இருந்து வாற ஒளிதான் வரேல்ல. ஆள் வரத்தான் வேணும்.” மூன்று நாளில் முதல் தரம் ஒருவர் அவருக்குப் பிழையின் பெயரைச் சொன்னார். அடுத்தது, பெட்டிக்குப் பின்னால் வயர் இறுக்கமாகச் செருகியிருக்கிறதா, வெளியே வயர் தொங்குகிறதா. வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். செருகி சரி, ஆனால் போஸ்டுக்குப் பக்கத்தில் தென்னம் மட்டை ஒன்று வயரில் கிடக்கிறது.

பிறகுதான் ரீஸ்டார்ட். “அக்கா, நீங்கள் ஏற்கெனவே செய்தது தெரியும். இந்தக் கோலில செய்ததா எண்டு ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பாட்டி டிக்கெட் திரும்ப எங்களிட்டயே வரும், இன்னொரு நாள் போகும். ஒருக்கா நிப்பாட்டிப் போடுங்கோ. அது எழும்புற ரெண்டு நிமிசத்துக்குள்ள மற்றதைக் கேட்டு முடிக்கிறன்.” அந்த அக்கா சிரித்துக்கொண்டே நிறுத்தினார். செவ்வாய்க்கிழமை கோலை உடைத்த அதே படி இது. மாறியது அதன் இடமும், அதற்குச் சொன்ன காரணமும் மட்டும்.

அந்த இரண்டு நிமிசத்தில் கணக்கு விஷயம் வந்தது. உரிமையாளர் தம்பி, எண் பழையது. அக்கா, “அதை மாத்தி என்ர நம்பரைப் போடும்” என்றார். இங்கே மனம் இளகி மாற்றியிருக்கலாம். அவள் மாற்றவில்லை. கணக்கின் எண்ணை மாற்றுவதற்கு உரிமையாளரே அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டும். அந்தப் படி தொல்லைக்காக வைத்ததல்ல. இரங்கத்தக்க குரலில் கதைக்கத் தெரிந்த எவரும் இன்னொருவரின் கணக்கைக் கைப்பற்றாமல் இருக்க வைத்தது. ஆனால் டிக்கெட்டிலேயே “இந்த முறைப்பாட்டுக்கான தொடர்பு எண்” என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. பிழையை முறையிட இணைப்பு இலக்கமும் உரிமையாளர் பெயரும் போதும். “கணக்கில மாத்த என்னால ஏலாது அக்கா, அதுக்குத் தம்பிதான் கதைக்க வேணும். ஆனா திருத்த வாற ஆள் உங்களுக்குத்தான் அடிப்பார், அதுக்கு இஞ்ச போடுறன்.” அவர் சொன்ன எண்ணை இவள் திருப்பி வாசித்தாள். முதல் நாள் எங்கள் ஆளின் கண்ணுக்கு முன்னாலும் இதே கட்டம் வெறுமையாகத்தான் கிடந்தது.

கடைசிக் கேள்வி, கடை எத்தனை மணிக்குத் திறந்திருக்கும். லைட் இன்னும் சிவப்பு. வகை `No Service`, குறிப்பில் ஞாயிறு இரவுக் காற்று, போஸ்டடியில் தென்னம் மட்டை, முந்திய இரண்டு டிக்கெட்டின் இலக்கங்கள். “நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வர வேணும் எண்டதுதான் விதி அக்கா. இண்டைக்கு அனுப்புறன் எண்டு நான் சொன்னா அது பொய். ஒரு மணிக்குள்ள ஒருத்தரும் அடிக்காட்டி இந்த இலக்கத்தைச் சொல்லி எடுங்கோ, முதலில் இருந்து கதை சொல்லத் தேவையில்லை.” பதினொரு நிமிசம். வியாழன் காலை ஆள் வந்து, போஸ்டடியில் அறுந்திருந்த வயரை ஒரு மணித்தியாலத்துக்குள் பொருத்திவிட்டுப் போனார். விண்ணப்பங்கள் போயின.

இந்தக் கோலுக்கு எங்கள் தோழிக்குக் கிடைத்த மதிப்பீட்டைச் சொன்னால்தான் நாங்கள் ஏன் கோபமாக எழுதுகிறோம் என்று புரியும். எங்கள் இடத்தில் ஒரு கோலுக்கு இலக்கு ஆறு நிமிசம். பதினொன்று என்றால் புள்ளி வெட்டு. முதல் அரை நிமிசத்துக்குள் “மனம் வருந்துகிறோம்” சொல்லாததுக்கு இன்னொரு வெட்டு. “மேடம்” என்னாமல் “அக்கா” என்றதுக்கு ஒரு குறிப்பு. நாலு நிமிசத்தில் பிழையான டிக்கெட்டைப் போட்டவனுக்கு ஒரு வெட்டும் இல்லை. கணக்கு மிகச் சுலபம். நாலும் ஐந்தும் பதினொன்றும் இருபது நிமிசம். முதல் நாளே பதினொரு நிமிசம் கொடுத்திருந்தால் மற்ற ஒன்பதும் மிச்சம், கடைக்கு இரண்டு நாளும் மிச்சம். ஆனால் மேசையில் ஓடும் மணிக்கூடு ஒரு கோலைத்தான் எண்ணுகிறது. அதே ஆள் திரும்ப எடுத்ததை எண்ணுவதில்லை.

ஆர்லி ஹொக்ஸ்சைல்ட் என்ற சமூகவியலாளர் 1983இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சிரிப்பும் இதமான குரலும் சம்பளத்துக்கு விற்கும் உழைப்பாக மாறுவதை அவர் உணர்ச்சி உழைப்பு என்றார். எங்கள் வகுப்புகளில் அந்தச் சொல்லைப் பாவித்து நிறைய எழுதியிருக்கிறோம். ஹெட்செட்டோடு இருந்து பார்த்தபோது ஒன்று தெரிந்தது. உண்மையான வேலை செய்வதற்கு நேரமும் அறிவும் தராத நிறுவனம்தான் அதிகமாக உணர்ச்சியைக் கேட்கிறது. `LOS` என்றால் என்ன என்று சொல்லித் தராமல், குரலில் புன்னகை தெரிய வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். பிழையின் பெயர் தெரியாதவனிடம் மன்னிப்பைத் தவிர கொடுக்க என்ன இருக்கும்?

எல்லாக் கோபமும் இப்படித் தணியும் என்று நாங்கள் சொல்லவில்லை. அம்மா அப்பாவை இழுத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு ஒரு தரம் எச்சரித்து, திரும்பவும் பேசினால் சுப்பவைசருக்கு மாற்றுவதும் ஒரு எழுதப்பட்ட படிதான், அதையும் முடிக்க வேண்டும். சில பிரச்சினைகளுக்குப் பட்டியலில் வகையே கிடையாது. அப்போது பொய்யான வகையை அழுத்துவதைவிட `Other` போட்டு நாலு வரி எழுதுவதே நேர்மை. பயனில்லாத படிகளும் உண்டு. கோபத்தில் இருக்கும் ஆளிடம் கடைசியில் புதுப் பக்கேஜ் விற்கச் சொல்லும் படி எங்களிடம் இருந்தது. அதை ஒவ்வொருவரும் களவாக விட்டோம். அதுவும் பிழை என்றே இப்போது நினைக்கிறோம். களவாக விட்டதால் அது வேலைக்காகாது என்று மேலே ஒருவருக்கும் தெரியவரவில்லை. எல்லோரும் கேட்டு, எல்லாக் கோலிலும் “வேண்டாம், கோபமடைந்தார்” என்று எழுதியிருந்தால் அதே டிக்கெட்டுகள் அந்தப் படிக்கு எதிரான சாட்சியாகியிருக்கும்.

ஆகவே எங்கள் கோரிக்கை மூன்றுதான். கோலின் நீளத்தை எண்ணாதீர்கள், அதே பிழைக்கு ஏழு நாளுக்குள் திரும்ப எடுத்தார்களா என்று எண்ணுங்கள். ஒவ்வொரு கட்டாயப் படியும் எதற்கு என்று ஒரு வரியில் பயிற்சியிலேயே சொல்லுங்கள், நாங்கள் அதை வாடிக்கையாளருக்குச் சொல்வோம். மூடுவதற்கு முன் டிக்கெட்டில் இருக்கும் தொடர்பு எண்ணுக்கு அடியுங்கள், கணக்கில் கிடக்கும் பழைய எண்ணுக்கு அல்ல.

அடுத்த விடுமுறையில் ஹெட்செட் மாட்டப் போகும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒன்று. எதிரில் கத்தும் ஆளைக் கண்டு திரையில் இருந்து கையை எடுத்துவிடாதீர்கள். அவர் சொல்வதை அங்கேயே எழுதுங்கள், எழுதியதை வாசித்துக் காட்டுங்கள், பிழை இருக்கா என்று கேளுங்கள். அந்த அக்கா ஞாயிறு ராத்திரிக் காற்றைப் பற்றிச் சொன்னது அப்படிக் கேட்டதால்தான்.